எஸ்பிரெஸ்ஸோ: நேரம் சரியாக வந்தும் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் சுவை மாறுவது ஏன்?

கோவைக் கஃபே:

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் ஒரு சிறிய கஃபேயை நடத்தும் பொறுப்பில் இருக்கிறேன். இரண்டு குரூப் கொண்ட எஸ்பிரெஸ்ஸோ மெஷின் ஒன்றும், நொடிக் கணக்கில் தூள் போடும் கிரைண்டர் ஒன்றும் வைத்திருக்கிறோம். காலை ஷிஃப்டில் இரண்டு பாரிஸ்டாக்கள், மாலை ஷிஃப்டில் இரண்டு பாரிஸ்டாக்கள். சிக்மகளூர் அராபிகாவை ஒரே வறுவலாளரிடம் வாங்குகிறோம்.

எங்கள் அளவு 18 கிராம் தூளுக்கு 36 கிராம் எஸ்பிரெஸ்ஸோ, 27 முதல் 30 நொடி. இதை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். இரண்டு ஷிஃப்டுகாரர்களும் அந்த நேரத்துக்குள்தான் ஷாட் எடுக்கிறார்கள்; நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். ஆனாலும் காலையில் காபி இனிப்பும் அடர்த்தியுமாக இருக்கிறது, மாலையில் நாக்கை உலர்த்தும் கசப்போடு தண்ணியாக இருக்கிறது. தினமும் வரும் வாடிக்கையாளர்கள் இப்போது “காலையில் போட்டவர் இருக்கிறாரா?” என்று கேட்டுவிட்டுத்தான் ஆர்டர் கொடுக்கிறார்கள். மாலை ஷிஃப்டில் இருப்பவர்கள் அக்கறையில்லாதவர்கள் அல்லர் என்பதால் அவர்களுக்கு இது மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

நேரமும் அளவும் ஒன்றாக இருக்கும்போது சுவை மாறக் காரணம் என்னவாக இருக்கும்? காபியின் செறிவை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் ஒன்று வாங்கினால் தெரிந்துவிடுமா?

பெசன்ட் நகர் பாரிஸ்டா:

வணக்கம். என் அனுபவத்தில் இது டாம்ப்பிங், அதாவது தூளை அழுத்தி இறுக்குவதில் வரும் பிரச்சினை. ஒருவர் முழு உடம்பையும் சாய்த்து அழுத்துவார், இன்னொருவர் மணிக்கட்டால் மட்டும் அழுத்துவார். 15 கிலோ அழுத்தம் என்பது பழைய கணக்கு, அதை எல்லோரும் ஒரே மாதிரி கொடுக்க வேண்டும். குறிப்பிட்ட அழுத்தம் வந்ததும் ‘கிளிக்’ என்று விட்டுக்கொடுக்கும் டாம்பர் கிடைக்கிறது. நாங்கள் அதை வாங்கிய பிறகு ஆளுக்கு ஆள் வேறுபாடு வெகுவாகக் குறைந்தது. முதலில் அதை மாற்றிப் பாருங்கள். கிரைண்டரை யாரும் தொட வேண்டாம்.

கும்பகோணம் டிகிரி:

நாங்கள் மெஸ் நடத்துகிறோம். எங்களுக்கும் இதே தொல்லைதான்: காலை டிகாக்‌ஷன் கெட்டியாக இறங்கும், மாலை டிகாக்‌ஷன் தண்ணியாக இறங்கும். தூளில் சிக்கரியைச் சற்றுக் கூட்டியதும் சரியாகிவிட்டது. நீங்களும் மாலை ஷிஃப்டுக்கு மட்டும் 20 சதவீதம் சிக்கரி கலந்த தூளைக் கொடுத்துப் பார்க்கலாம். கசப்புக்கு வெந்நீரின் சூடும் காரணமாக இருக்கும்.

அரவைக்காரர்:

கும்பகோணம் ஐயா, ஃபில்டரில் நீர் தன் எடையால் மெல்ல இறங்குவதால் சிக்கரி அங்கே கை கொடுக்கிறது. எஸ்பிரெஸ்ஸோ மெஷினில் 9 பார் அழுத்தத்தில் நீர் பாய்கிறது. சிக்கரி அதில் ஊறிக் கரைந்து பசை போலாகி, தூள் இருக்கும் பாஸ்கெட்டை அடைத்துவிடும். இங்கே அந்த வழி உதவாது.

கோவை நண்பரே, நான் கஃபே உபகரணங்களைப் பொருத்திப் பராமரிக்கும் வேலையில் இருப்பவன். ரிஃப்ராக்டோமீட்டரைப் பற்றிப் பிறகு பேசுவோம். சில கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். “27 முதல் 30 நொடி” என்பதைக் காலை ஷிஃப்டில் எப்போதிருந்து எண்ணுகிறார்கள்? பட்டனை அழுத்தியதிலிருந்தா, முதல் சொட்டு கப்பில் விழுந்ததிலிருந்தா? மாலை ஷிஃப்டில் எப்படி? அடுத்தது, பாஸ்கெட்டைத் தாங்கும் கைப்பிடியான போர்ட்டாஃபில்டரில் விழும் தூளை ஒவ்வொரு ஷாட்டுக்கும் தராசில் நிறுக்கிறீர்களா, அல்லது கிரைண்டரில் நொடியை ஒருமுறை அமைத்துவிட்டு நம்பிவிடுகிறீர்களா? மாலையில் கிரைண்டரின் அரைப்பளவை யாராவது மாற்றுகிறார்களா?

கோவைக் கஃபே:

இன்று இரு ஷிஃப்டுகாரர்களையும் தனித்தனியாகக் கேட்டேன். காலையில் பட்டனை அழுத்தியதிலிருந்து எண்ணுகிறார்கள். மாலையில் மூத்தவராக இருக்கும் பெண் முன்பு வேலை பார்த்த இடத்தில் முதல் சொட்டிலிருந்து எண்ணக் கற்றுக்கொண்டவர். அவரிடம் பழகியதால் இன்னொருவரும் அப்படியே எண்ணுகிறார். எங்கள் சுவர்த்தாளில் அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை.

கிரைண்டர் 6.0 நொடிக்கு அமைக்கப்பட்டிருக்கிறது. கடையைத் திறந்ததும் ஒருமுறை நிறுப்போம், 18 கிராம் இருக்கும். அதற்குப் பிறகு தூளை நிறுப்பதில்லை. கப்பின் கீழே மட்டும் தராசு இருக்கிறது. மாலை ஷிஃப்ட் தொடங்கும்போது ஷாட் வேகமாக ஓடுவதால் அரைப்பைச் சற்று மெலிதாக்குவதாகச் சொல்கிறார்கள். மறுநாள் காலையில் ஷாட் இறங்க மறுப்பதால் காலை ஷிஃப்டுகாரர்கள் பருமனாக்குகிறார்கள்.

அரவைக்காரர்:

அப்படியானால் காரணத்தின் பெரும்பகுதி கிடைத்துவிட்டது. இது பல கடைகளில் நடப்பது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

காலையில் 18 கிராம் தூள், 36 கிராம் காபி, பட்டனிலிருந்து 29 நொடி என்று வைத்துக்கொள்வோம். பட்டனை அழுத்திய பிறகு தூள் நனைந்து முதல் சொட்டு விழ ஏறக்குறைய 7 நொடி ஆகும். அதே ஷாட்டை மாலையில் இருப்பவர் எடுத்தால் அவருடைய கணக்கில் அது 22 நொடிதான். சுவர்த்தாள் 27 கேட்கிறது. ஷாட் ஓடுகிறது என்று அவர் முடிவு செய்கிறார். எண்ணும் முறைப்படி அவர் செய்வது நியாயமானது. அரைப்பை மெலிதாக்குகிறார்.

இங்கேதான் நொடிக் கணக்குக் கிரைண்டரின் குணம் குறுக்கே வருகிறது. கொட்டையை அரைக்கும் பற்களான பர்களுக்கிடையே இடைவெளி குறைந்தால் ஒரு நொடிக்கு வெளியே வரும் தூளின் எடையும் குறையும். நொடிக்கு 3 கிராம் தந்த கிரைண்டர் இப்போது 2.9 தரும். 6.0 நொடிக்கு 17.4 கிராம்தான் விழும். தூள் குறைந்தால் தடையும் குறைவதால், மெலிதாக்கியதன் பலனில் ஒரு பகுதி அங்கேயே போய்விடுகிறது. எதிர்பார்த்த அளவு ஷாட் மெதுவாகாததால் அவர் இன்னும் ஒரு கோடு மெலிதாக்குகிறார். எடை மீண்டும் குறைகிறது. கடைசியில் அவர் விரும்பிய 28 நொடி வந்துவிடுகிறது. ஆனால் பாஸ்கெட்டில் இருப்பது ஏறக்குறைய 17 கிராமோ அதற்கும் குறைவோதான், அரைப்பும் காலையில் இருந்ததைவிட மிக மெலிது, பட்டனிலிருந்து எண்ணினால் 35 நொடிக்கு மேல் நீர் ஓடியிருக்கிறது. உலர்த்தும் கசப்பு அந்த மெலிந்த தூளிலிருந்தும் நீண்ட நேரத்திலிருந்தும் வருகிறது. தூளின் எடை குறைந்ததால் தண்ணியாகவும் இருக்கிறது. மறுநாள் காலையில் வருபவர் இதையெல்லாம் தலைகீழாகச் செய்து பழைய இடத்துக்குக் கொண்டுவருகிறார். உங்கள் இரண்டு ஷிஃப்டும் ஒன்றின் வேலையை ஒன்று தினமும் அழித்துக்கொண்டிருக்கின்றன, இருவருமே சுவர்த்தாளின்படிதான் நடக்கிறார்கள்.

இன்னொன்றையும் பார்க்கச் சொல்கிறேன். பம்ப்பை நிறுத்திய பிறகும் சில கிராம் காபி சொட்டும். தராசு 36 காட்டும்போது நிறுத்துபவரின் கப்பில் முடிவில் 38 அல்லது 39 இருக்கும். 33-இல் நிறுத்துபவரின் கப்பில் 36 இருக்கும். எந்த எடையில் நிறுத்துவது என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

செய்ய வேண்டிய வரிசை இது. மெஷின் சூடாகி நிலைப்பட்ட பிறகு முதலில் தூளை நிறுங்கள். 18.0-க்கு 0.2 கூடக் குறைய இருந்தால் பரவாயில்லை. அதைத் தாண்டினால் கிரைண்டரின் நொடியைத் திருத்துங்கள், அரைப்பைத் தொடாதீர்கள். தூளின் எடை சரியான பிறகுதான் ஷாட் எடுத்து, கப்பில் 36 கிராம் சேர எத்தனை நொடி ஆனது என்று பாருங்கள். அந்த நேரம் தவறினால் மட்டும் அரைப்பைச் சிறிது மாற்றுங்கள். மாற்றியவுடன் மீண்டும் தூளை நிறுத்து நொடியைத் திருத்துங்கள். அரைப்பை மாற்றியதும் பர் அறையிலும் குழாயிலும் பழைய அரைப்பின் தூள் தேங்கியிருக்கும், ஆகவே ஓரிரு டோஸைக் கழித்துவிட்டு அடுத்ததைச் சுவைத்துத் தீர்ப்புச் சொல்லுங்கள். அந்தக் கழிவைச் சேமிக்க நினைப்பவர்கள்தான் இரண்டாம் முறையும் தவறாகத் திருப்புகிறார்கள்.

பெசன்ட் நகர் பாரிஸ்டா:

அரவைக்காரர் சொல்வது நியாயம், ஆனால் டாம்ப்பிங்கை ஒதுக்கிவிட முடியாது. ஒரே எடை, ஒரே அரைப்பு என்று வைத்தும் ஆளுக்கு ஆள் ஐந்தாறு நொடி வித்தியாசம் வருவதை நான் எங்கள் கடையிலேயே பார்த்திருக்கிறேன்.

அரவைக்காரர்:

நீங்கள் பார்த்தது உண்மைதான். அதற்கான காரணத்தில்தான் நான் வேறுபடுகிறேன். தூளுக்குள் இருக்கும் காற்று இடைவெளி நீங்கி இறுகிவிட்ட பிறகு 15 கிலோ அழுத்தினாலும் 20 கிலோ அழுத்தினாலும் ஓட்டத்தில் பெரிய மாற்றம் வராது. மாற்றம் வருவது டாம்பர் சாயும்போது. ஒரு பக்கம் தாழ்ந்து ஒரு பக்கம் உயர்ந்து அழுத்தினால் நீர் மெலிந்த பக்கமாக வழி தேடிக்கொள்ளும். உங்கள் புதிய டாம்பரின் விளிம்பு பாஸ்கெட்டின் விளிம்பில் உட்காரும் வகையாக இருந்தால், உங்களுக்கு உதவியது அந்த மட்டம்தான் என்று நினைக்கிறேன்.

பெசன்ட் நகர் பாரிஸ்டா:

விளிம்பில் உட்காரும் வகைதான். இருந்தாலும் அழுத்தமும் ஒன்றாக இருப்பது நல்லது என்றே சொல்வேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு எவ்வளவு அழுத்த வேண்டும் என்ற குழப்பம் இல்லாமல் போகிறது.

வீட்டு எஸ்பிரெஸ்ஸோ:

வீட்டில் ஒற்றை டோஸ் கிரைண்டர் வைத்திருக்கிறேன். கொட்டையை நிறுத்துப் போடுவதால் இந்தத் தொல்லையே எனக்கு இல்லை. நீங்களும் கடையில் அப்படியே செய்யலாமே? மேலும், கிறிஸ்டபர் ஹெண்டன் உள்ளிட்டோர் 2020-இல் ‘மேட்டர்’ இதழில் வெளியிட்ட ஆய்வில், அரைப்பை மிகவும் மெலிதாக்கினால் சாறு கூடுதலாக இறங்குவதற்குப் பதில் குறையத் தொடங்குகிறது என்றும், ஷாட்டுக்கு ஷாட் வேறுபாடு கூடுகிறது என்றும் காட்டினார்கள். தூளைக் குறைத்து அரைப்பைப் பருமனாக்கச் சொன்னார்கள். நீங்கள் 18 கிராமை விட்டு 15 கிராமுக்கு வந்தால் செலவும் மிச்சமாகும்.

அரவைக்காரர்:

மாலை நேரக் கூட்டத்தில் ஒவ்வொரு ஷாட்டுக்கும் கொட்டையை நிறுத்துப் போடுவது இரண்டு பேரால் ஆகிற வேலை அல்ல. ஆய்வைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. மிக மெலிந்த தூளில் சில இடங்கள் அடைத்துக்கொள்வதால் நீர் எல்லாத் தூளையும் ஒரே அளவில் தொடுவதில்லை. கோவை நண்பரின் மாலை ஷாட் சீரில்லாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். ஆனால் 18 கிராமுக்கான பாஸ்கெட்டில் 15 கிராமைப் போட்டால் மேலே இடம் அதிகமாகி, அழுத்திய தூள் வில்லை குழம்பும். பாஸ்கெட்டையும் மாற்ற வேண்டும், பால் பானங்களில் காபியின் வலிமை குறைவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். நான்கு பேரும் ஒரே காபியைத் தருகிறார்கள் என்ற நிலை வந்த பிறகு செய்ய வேண்டிய சோதனை அது.

கோவைக் கஃபே:

ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன், எல்லோருக்கும் நன்றி.

முதல் வேலையாக மாலை ஷிஃப்ட் தங்கள் வழக்கப்படி அரைப்பைத் திருத்திய பிறகு தூளை நிறுத்தோம். 16.9 கிராம். அரவைக்காரர் கணக்குப் போட்டதற்கு மிக நெருக்கமாக இருந்தது. கப்பில் 36-இல் நிறுத்தி, முடிவில் 38.5 இருந்தது. சுவர்த்தாளை மாற்றி எழுதினோம்: நேரம் பட்டனிலிருந்து, பம்ப்பை நிறுத்துவது 33 கிராமில், அரைப்பைத் தொடும் முன் தூளின் எடை. கிரைண்டருக்கு அருகில் 0.1 கிராம் காட்டும் இன்னொரு தராசு வாங்கி வைத்தோம். காலைக்கும் மாலைக்கும் இருந்த பெரிய வேறுபாடு போய்விட்டது. வாடிக்கையாளர்கள் ஆளைக் கேட்பதும் குறைந்திருக்கிறது.

ஆனால் ஒரு சிக்கல் பாக்கி இருக்கிறது. நேற்றுக் கடையில் கூட்டமில்லாத நேரத்தில், கிரைண்டரை யாரும் தொடாமல், நான்கு பேரையும் அடுத்தடுத்து மூன்று ஷாட் எடுக்கச் சொன்னேன். தூளின் எடை எல்லாவற்றிலும் 17.9 முதல் 18.1. மூவருக்கு 28 முதல் 30 நொடி. காலை ஷிஃப்டில் இருக்கும் இளையவர் ஒருவருக்கு மட்டும் 24, 32, 26. அவருடைய காபி ஒரே கப்பில் புளிப்பும் கசப்புமாக இருந்தது. காலைக் காபி நன்றாக இருந்தது என்று நாங்கள் நினைத்ததெல்லாம் மூத்தவர் போட்டதுதான் போலிருக்கிறது.

அரவைக்காரர்:

நல்ல சோதனை. நான்கு பேரும் சேர்ந்து ஒரே பக்கம் விலகியிருந்தால் கிரைண்டரையோ கொட்டையையோ சந்தேகிக்கலாம். ஒருவர் மட்டும் தன் மூன்று ஷாட்டிலும் ஒரே அளவு விலகியிருந்தால் முறையில் வேறுபாடு என்று கொள்ளலாம். தன் மூன்று ஷாட்டுக்குள்ளேயே இப்படிச் சிதறினால் அது தூளைப் பரப்புவதிலும் மட்டத்திலும் இருக்கும் குறை. அடிப்பாகம் திறந்த போர்ட்டாஃபில்டர் இருந்தால் அதில் எடுக்கச் சொல்லிக் கீழிருந்து பாருங்கள். ஓரத்தில் வெளிறிய கோடு முன்னதாகக் கிளம்பினாலோ ஊசி போல் பீறிட்டாலோ சேனலிங், அதாவது நீர் ஒரு பக்கமாக வழி பிடித்து ஓடுகிறது. இல்லையென்றால் ஷாட் முடிந்ததும் வில்லையை நாக் பாக்ஸில் தட்டிவிடாமல் ஒரு தட்டில் கவிழ்த்து, நடுவில் உடைத்து இரண்டு பக்கத் தடிமனையும் ஒப்பிடுங்கள். அவர் டாம்ப் செய்யும்போது முகத்தைப் பார்க்காமல் முழங்கையைப் பாருங்கள்.

கோவைக் கஃபே:

பார்த்தேன். வில்லையின் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட நன்றாகத் தெரியும் அளவுக்கு மெலிந்திருந்தது, மூன்றிலும் அதே பக்கம். அவர் சற்றுக் குள்ளமானவர். எங்கள் கவுண்டர் உயரம். முழங்கை தோளுக்கு அருகில் உயர்ந்து நிற்பதால் டாம்பர் எப்போதும் அவர் பக்கமாகவே சாய்கிறது. கிரைண்டரின் வாயும் தூளைப் பாஸ்கெட்டின் முன்பக்கமாகத் தள்ளுகிறது. மற்றவர்கள் போர்ட்டாஃபில்டரை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டிச் சமன் செய்கிறார்கள், இவர் குவியலின் மேலேயே அழுத்துகிறார்.

அவர் நிற்க ஒரு தாழ்வான மரப்பலகை செய்து போட்டோம். தூளைச் சமன் செய்த பிறகே டாம்பரை எடுப்பது என்று எல்லோருக்கும் பொதுவாக வைத்தோம். இன்று அவருடைய ஷாட்டுகள் 27, 29, 28. பெசன்ட் நகர் நண்பர் சொன்ன விளிம்பில் உட்காரும் டாம்பரையும் ஆர்டர் செய்திருக்கிறேன்.

ஏற்காடு வறுவல்:

இழையை முதலிலிருந்து படித்தேன். சேர்வராயன் மலைக் காபியை வறுத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். வறுத்த மூன்றாம் நாள் கொட்டையில் வாயு நிறைய இருக்கும், நாட்கள் போகப் போக அது வெளியேறிவிடும். ஆகவே வாரத்தின் தொடக்கத்தில் சரியாக இருந்த அரைப்பு வார இறுதியில் வேகமாக ஓடுவது இயல்பு. கொஞ்சம் மெலிதாக்கத்தான் வேண்டும். “கிரைண்டரை யாரும் தொடக்கூடாது” என்பது அதனால் நிற்காது. ஹாப்பரில் புதிய பையைக் கொட்டும்போது பழைய கொட்டை பாதி இருந்தால் வெவ்வேறு நாளில் வறுத்த கொட்டைகள் கலந்து ஓடும், அன்று முழுவதும் எண்ணோடு மல்லுக்கட்ட நேரிடும். பையில் இருக்கும் வறுத்த தேதியைப் பார்த்துப் பழையதை முடித்துவிட்டுப் புதியதைப் போடச் சொல்லுங்கள்.

மதியக் கூட்டத்தில் கிரைண்டர் சூடாகும்போதும் ஓட்டம் மாறும். நான் பார்த்த கடைகளில் ஷாட் வேகமாகிறது.

பெசன்ட் நகர் பாரிஸ்டா:

எங்கள் கடையில் நேர்மாறு. தொடர்ந்து அரைத்துக்கொண்டே இருந்தால் ஷாட் மெதுவாகிறது. ஏசி போடாத நாட்களில் இன்னும் மோசம்.

அரவைக்காரர்:

இரண்டையும் நானும் பார்த்திருக்கிறேன். சூட்டில் பர்களும் அவற்றைத் தாங்கும் உலோகமும் விரிவதால் இடைவெளி எந்தப் பக்கம் மாறும் என்பது அந்தந்தக் கிரைண்டரின் அமைப்பைப் பொறுத்தது; சூடான கொட்டை உடையும் விதமும் மாறுகிறது, காற்றின் ஈரமும் அதோடு சேர்கிறது. எல்லாக் கடைக்கும் ஒரே விதி சொல்ல என்னால் முடியாது. கோவை நண்பர் ஒரு நாள் அரைப்பைத் தொடாமல் கடை திறந்ததும், மதியக் கூட்டத்தின் நடுவிலும், மாலை ஷிஃப்ட் தொடங்கும்போதும் தூளின் எடையையும் ஷாட்டின் நேரத்தையும் குறித்து வைத்தால் அவருடைய கிரைண்டர் எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துவிடும்.

ரிஃப்ராக்டோமீட்டர் இப்போது வேண்டாம். தூள், காபி, நேரம் மூன்றும் நான்கு பேரிடமும் ஒன்றாக வந்த பிறகும் சுவை வேறுபட்டால் வாங்குங்கள்.

கோவைக் கஃபே:

அப்படியே குறித்து இங்கே எழுதுகிறேன். இன்னும் ஒன்றில்தான் எங்களுக்குள் முடிவு வரவில்லை. அரைப்பைத் திருத்தும் உரிமை ஒவ்வொரு ஷிஃப்டிலும் ஒருவருக்கு மட்டும் இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். மாலை ஷிஃப்டின் மூத்தவர், எல்லோரும் சுவைத்துத் திருத்தக் கற்றுக்கொண்டால்தான் அவர் விடுப்பில் இருக்கும் நாளில் காபி கெடாது என்கிறார்.

ஏற்காடு வறுவல்:

அவர் சொல்வதுதான் சரி என்பது என் கருத்து. எடையை நிறுக்காமல் தொடக்கூடாது என்ற விதி இருக்கும்போது நான்கு கைகள் தொட்டாலும் ஆபத்தில்லை.

அரவைக்காரர்:

நான் இதில் கோவை நண்பரின் பக்கம். கூட்ட நேரத்தில் இருவர் அடுத்தடுத்துத் திருப்பினால், முதலாமவர் செய்த மாற்றம் குழாயில் தேங்கிய பழைய தூளைத் தாண்டி கப்புக்கு வந்து சேரும் முன்பே இரண்டாமவர் இன்னொன்றைச் செய்துவிடுவார். எல்லோருக்கும் கற்றுக்கொடுங்கள், ஆனால் ஷிஃப்டில் ஒருவர் மட்டும் திருப்பட்டும். திருப்பிய நேரத்தையும் அளவையும் கிரைண்டரில் ஒட்டிய தாளில் எழுதட்டும். யார் திருப்புவது என்பதை வாரம் ஒருவராக மாற்றிக்கொள்ளலாம்.